ஒரே விசை, இரண்டு பெருக்கல்: நெல் மூட்டையும் மதகுச் சாவியும்

பதினொன்றாம் வகுப்பில் ஒரு மாதத் தேர்வில் வேலை எவ்வளவு என்ற கேள்விக்கு நான் −800 ஜூல் என்று எழுதினேன். எண் சரி, குறி தப்பு. சூத்திரம் தெரியும், cos மதிப்பும் தெரியும். அப்படியிருந்தும் எங்கே தவறினேன் என்பது பல மாதம் புரியவில்லை. போன வாரம் அக்கா மகள் நோட்டைக் கொண்டுவந்து, "மாமா, விடை மைனஸில வருது" என்றாள். பார்த்தால் அதே தவறு, அதே இடம். அதனால்தான் இந்தப் பதிவு.

வெக்டருக்கு எண்மதிப்பும் திசையும் உண்டு என்பதும், sin, cos என்ன என்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். i, j, k மூன்றும் ஓரலகு வெக்டர்கள். நோட்டில் தலையில் தொப்பி போட்டு எழுதுங்கள். இங்கே தட்டச்சுக்காக அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: மூட்டையை இழுப்போம்

எங்கள் மன்னார்குடிப் பக்கம் அறுவடை முடிந்தால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டைகள் அடுக்கியிருக்கும். அதில் ஒன்றில் கயிறு கட்டி, சிமென்ட் தரையில் 5 மீட்டர் இழுக்கிறோம். கயிற்றில் விசை 200 நியூட்டன். கயிறு தரையோடு 37° சாய்ந்திருக்கிறது. (37° எடுத்ததற்குக் காரணம் உண்டு: cos 37° ஏறக்குறைய 0.8, sin 37° ஏறக்குறைய 0.6. கணக்கு சுத்தமாக வரும்.)

200 × 5 = 1000 என்று போட்டுவிடக் கூடாது. கயிறு மூட்டையை முன்னால் இழுப்பதோடு கொஞ்சம் மேலேயும் தூக்குகிறது. தரையோடு செல்லும் திசையை i, மேல்நோக்கிய திசையை j என்று வைத்தால், விசை இப்படிப் பிரியும்:

F = 160 i + 120 j
d = 5 i

மூட்டை நகர்ந்தது i திசையில் மட்டும். ஆகவே வேலை செய்தது அந்த 160 நியூட்டன்தான். 160 × 5 = 800 ஜூல். புள்ளிப் பெருக்கல் என்பது இதுதான்: ஒரு வெக்டரில் மற்றதன் திசையில் விழும் கூறை மட்டும் எடுத்துப் பெருக்குவது. W = F · d = F d cos θ. விடை வெறும் எண், அதற்குத் திசை கிடையாது. அதனால்தான் இதற்கு ஸ்கேலர் பெருக்கல் என்றும் பெயர்.

மிச்சம் 120 நியூட்டன் வீணா என்றால், இல்லை. அது மூட்டையின் பாரத்தைத் தரையிலிருந்து கொஞ்சம் தாங்குகிறது, உராய்வு குறைகிறது. ஆனால் அந்தத் திசையில் இடப்பெயர்ச்சி இல்லாததால் அது செய்த வேலை பூஜ்யம்.

படி 2: கோணத்தை எங்கிருந்து அளப்பது

நான் விழுந்த இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

படம் வரையும்போது என்ன செய்வோம்? மூட்டை A-யில் தொடங்கி B-க்கு வந்தது என்று இடப்பெயர்ச்சி அம்பை A-யிலிருந்து B-க்குப் போடுவோம். இப்போது மூட்டை B-யில் இருப்பதால், கயிற்று விசையின் அம்பை B-யிலிருந்து சாய்வாக மேலே போடுவோம். ஒரு அம்பின் தலையில் அடுத்த அம்பின் வால் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்தப் படத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவே பாகைமானியை வைத்தால் 143° காட்டும். cos 143° என்பது −0.8. விடை −800. கயிறு மூட்டையைப் பின்னால் தள்ளியது என்று அதற்குப் பொருள். கயிறு அப்படிச் செய்யவில்லை.

இரண்டு வெக்டர்களுக்கு இடையிலான கோணம் என்றால், இரண்டின் வால்களையும் ஒரே புள்ளியில் சேர்த்து வைத்து அளக்கும் கோணம். வெக்டரை அதன் திசை மாறாமல் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். ஆகவே d அம்பை B-க்கு நகர்த்துங்கள், அல்லது AB கோட்டை B-யைத் தாண்டி நீட்டுங்கள். 37° கிடைத்துவிடும்.

இதற்கு நான் கணினி வரைபடத்தைவிட இரண்டு பென்சிலைத்தான் நம்புவேன். சீவிய முனை தலை, சீவாத முனை வால். இரண்டு சீவாத முனைகளையும் ஒட்டி மேசையில் வைத்துப் பாருங்கள். அக்கா மகளுக்கு நான் அரை மணி நேரம் வாயால் சொன்னது ஏறவில்லை. பென்சிலை வைத்ததும், "ஓ, நான் அந்தப் பக்கக் கோணத்த எடுத்துட்டேன்" என்று அவளே சொன்னாள்.

படி 3: அதே விசையை மதகில் கொடுப்போம்

கிளை வாய்க்கால் மதகில் இரும்பு ஷட்டர் பார்த்திருப்பீர்கள். செங்குத்தாக ஒரு திருகுத் தண்டு, அதன் தலையில் நீண்ட இரும்புச் சாவியை மாட்டி, மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கர் சுற்றுவார். தண்டின் நடுவிலிருந்து அவர் கை பிடித்திருக்கும் இடம் வரை அரை மீட்டர் என்று வைப்போம். கிழக்கு i, வடக்கு j, மேல்நோக்கி k. சாவி கிழக்குப் பார்த்து இருக்கிறது.

r = 0.5 i
F = 160 i + 120 j

அதே 200 நியூட்டன், அதே 37°. இந்த முறை 160 நியூட்டன் சாவியின் நீளவாக்கில் வெளிப்பக்கம் இழுக்கிறது. அதனால் தண்டு ஒரு துளிகூடச் சுழலாது. சுழற்றுவது சாவிக்குச் செங்குத்தான 120 நியூட்டன் மட்டும். 0.5 × 120 = 60 நியூட்டன் மீட்டர். இதுதான் திருப்பு விசை: τ = r × F, எண்மதிப்பு r F sin θ.

மூட்டையில் 160 உதவியது, 120 ஒதுங்கியது. மதகில் 120 உதவுகிறது, 160 ஒதுங்குகிறது. புள்ளிப் பெருக்கல் இணையாக இருக்கும் பகுதியை எடுக்கும், குறுக்குப் பெருக்கல் செங்குத்தான பகுதியை எடுக்கும்.

லஸ்கரின் காலைக் கவனித்தால் இது கண்ணுக்கே தெரியும். சாவி திரும்பத் திரும்ப அவரும் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து, தன் நெஞ்சு எப்போதும் சாவிக்கு நேராக இருக்கும்படி நகர்ந்துகொண்டே இருப்பார். செங்குத்தாகத் தள்ளினால் 120 நியூட்டனிலேயே அதே 60 வந்துவிடும். நின்ற இடத்திலேயே நின்று சாய்வாக இழுத்தால் 200 வேண்டும்.

இப்போது படி 2-க்குத் திரும்புங்கள். மதகுப் படத்தில் r அம்பு முடியும் இடத்தில்தான் F அம்பு தொடங்குகிறது. மறுபடியும் தலையும் வாலும். இங்கேயும் 143° எடுக்கத் தோன்றும். ஆனால் sin 143° = sin 37° = 0.6. தவறான கோணத்தை எடுத்தாலும் 60 என்றே வரும்! என் தவறு இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் இதுதான். திருப்பு விசைக் கணக்கெல்லாம் சரியாக வந்ததால் கோணம் எடுக்கத் தெரியும் என்று நம்பிவிட்டேன். வேலைக் கணக்கில்தான் அது மாட்டியது.

படி 4: திசை

குறுக்குப் பெருக்கலின் விடை ஒரு வெக்டர். வலது கை விரல்களை r திசையில் நீட்டி, F பக்கம் மடக்குங்கள். கட்டைவிரல் காட்டுவது τ. நம் மதகில் கிழக்கிலிருந்து வடக்குப் பக்கம் மடக்கினால் கட்டைவிரல் மேலே. ஆகவே τ = 60 k.

பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் செய்யுங்கள். வலது கையில் பேனா இருப்பதால் இடது கையில் விதியைப் பார்த்து, திசையைத் தலைகீழாக எழுதியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வரிசையும் முக்கியம். F × r என்று மாற்றினால் −60 k வரும். புள்ளிப் பெருக்கலில் இந்தத் தொல்லை இல்லை, F · d-யும் d · F-ம் ஒன்றுதான்.

படி 5: மூன்று கூறுகள் வந்தால்

r = i + 2j + 3k, F = 2i − j + 4k என்று கொடுத்தால் பலர் அணிக்கோவை போடுவார்கள். அதில் நடுவில் வரும் மைனஸை மறப்பது வழக்கம். எனக்குப் பிடித்தது சுழற்சி முறை. i-க்குப் பின் j, j-க்குப் பின் k, k-க்குப் பின் மறுபடி i. எந்தக் கூறு வேண்டுமோ, அதற்கு அடுத்த இரண்டையும் அதே வரிசையில் எடுக்க வேண்டும்:

i கூறு: (2)(4) − (3)(−1) = 11
j கூறு: (3)(2) − (1)(4) = 2
k கூறு: (1)(−1) − (2)(2) = −5

j கூறில் முதலில் k, அப்புறம் i வருவதைப் பாருங்கள். நடு மைனஸ் தனியாக வேண்டாம், அது இந்த வரிசைக்குள்ளேயே அடங்கிவிட்டது.

விடை சரியா என்று பார்க்கப் புள்ளிப் பெருக்கலையே பயன்படுத்தலாம். τ என்பது r, F இரண்டுக்கும் செங்குத்து, ஆகவே அவற்றோடு புள்ளிப் பெருக்கினால் பூஜ்யம் வர வேண்டும். r-உடன்: 11 + 4 − 15 = 0. F-உடன்: 22 − 2 − 20 = 0. நடுக்கூறு −2 என்று தவறியிருந்தால் r-உடன் −8 வந்து காட்டிக்கொடுத்திருக்கும். வரிசை மாறிப்போன தவறை மட்டும் இது பிடிக்காது, எல்லாக் குறியும் சேர்ந்து மாறினாலும் பூஜ்யம்தான் வரும். வீட்டில் சரிபார்க்க ஜியோஜீப்ரா போதும்:

```
Cross((1,2,3),(2,-1,4))
```

பிற்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டதில் இரண்டை இங்கே சேர்க்கிறேன்.

மூட்டையைத் தலையில் சுமந்து நடப்பவர் வேலையே செய்யவில்லையா என்று ஒருவர் வருத்தத்தோடு கேட்டிருந்தார். சமதளத்தில் நடக்கும்போது மூட்டையின் எடை கீழ்நோக்கி, இடப்பெயர்ச்சி கிடைமட்டம், கோணம் 90°. ஆகவே புவியீர்ப்பு செய்த வேலை பூஜ்யம். ஆனால் அந்த 40 கிலோவைத் தரையிலிருந்து 1.8 மீட்டர் உயரத்துக்குத் தலைக்கு ஏற்றியபோது 40 × 9.8 × 1.8, ஏறக்குறைய 706 ஜூல் வேலை நடந்திருக்கிறது. நடக்கும்போதும் அவர் தசைகள் ஆற்றலைச் செலவழிக்கின்றன, அவருக்கு அலுப்பு உண்மையானது. இயற்பியலில் பூஜ்யம் என்று சொல்வது எடை என்ற அந்த ஒரு விசை செய்த வேலையை மட்டும்.

இன்னொன்று அலகு. வேலைக்கும் நியூட்டன் மீட்டர், திருப்பு விசைக்கும் நியூட்டன் மீட்டர், பிறகு ஏன் 60 ஜூல் என்று எழுதக் கூடாது? சாவி அசையாமல் துருப்பிடித்து நின்றாலும் 60 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை இருக்கும். வேலை நடக்க அது சுழல வேண்டும். அதே 60 மாறாமல் கால் சுற்று, அதாவது 1.57 ரேடியன் சுழன்றால் 60 × 1.57, ஏறக்குறைய 94 ஜூல். ஜூல் என்ற பெயரை அங்கே எழுதுங்கள்.