வெட்டிய பழம், முளைப்பயறு டப்பா: ஆபீஸ் மதிய நேரத்துக்கு 20 டப்பா கட்டுவது எப்படி?

பழ டப்பா தொழிலில் பணம் இரண்டு இடத்தில் கரைகிறது. ஒன்று, கிலோ விலையை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டுத் தோலையும் விதையையும் மறந்துவிடுவது. இன்னொன்று, வெட்டிய பழம் சூடான இடத்தில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று பார்க்காமல் விடுவது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மீதி வேலை கைப்பழக்கம்தான். ஒரு நாளைக்கு 20 டப்பா என்று வைத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன். ஒவ்வொரு டப்பாவிலும் தர்பூசணி 80 கிராம், பப்பாளி 70, அன்னாசி 50, தனிக் கிண்ணத்தில் முளைகட்டிய பச்சைப்பயறு 50 கிராம்.

1. முதல் நாள் மாலை

ஆர்டரை மாலையே முடித்துவிடுங்கள். "காலையில் சொல்றேன்" என்பவருக்காகக் கூடுதலாக வெட்டி வைக்கும் டப்பாதான் பெரும்பாலும் திரும்பி வரும். எண்ணிக்கை தெரிந்ததும் முழுப் பழங்களைக் குழாய்த் தண்ணீரில், தோலை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். தோலைச் சீவி எறியத்தானே போகிறோம், எதற்குக் கழுவ வேண்டும் என்று கேட்பார்கள். கத்தி தோலைத் தாண்டி உள்ளே போகும்போது தோலில் இருக்கும் மண்ணையும் கிருமியையும் சதைக்குள் இழுத்துக்கொண்டு போகும், அதற்காகத்தான். கழுவியதைத் துடைத்து முழுசாகவே ஃப்ரிட்ஜில் வையுங்கள். அறைச் சூட்டில் இருக்கும் பழத்தை வெட்டி மூடினால் அரை மணி நேரத்தில் மூடியின் உள்பக்கம் வியர்த்து, அந்தத் தண்ணீர் பழத்தின் மேலேயே சொட்டும். குளிர்ந்த பழத்தை வெட்டி உடனே குளிரிலேயே வைத்தால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

2. முளைப்பயறு

அரைக் கிலோ காய்ந்த பயறு போட்டால் குட்டை முளையோடு சுமார் 1 கிலோ வரும், 20 டப்பாவுக்கு அது போதும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைச் சுத்தமாக வடித்து, முளை எட்டிப் பார்க்கும் வரை விடுங்கள். நடுவில் இரண்டு மூன்று முறை அலசி வடிக்க வேண்டும். நீள முளை பார்க்க அழகுதான், ஆனால் சீக்கிரம் நுனி பழுப்பாகிவிடும்.

விற்பதற்கான முளையை நான் பச்சையாக வைக்கவே மாட்டேன். முளைக்கத் தேவையான சூடும் ஈரமும்தான் சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகளுக்கும் தோதான இடம். அவை விதையின் வெடிப்புக்குள் இருந்தால் எத்தனை முறை அலசினாலும் போகாது. 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளை வழியாகப் பரவிய ஈ.கோலை தொற்றில் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அதனால் ஆவியில் வைத்து, நடுவில் இருக்கும் பயறும் கொதிசூடாகும் வரை வேகவிடுங்கள். அப்புறம் அகலமான தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுங்கள். குவியலாக வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், புளிப்பு வாடை அங்கிருந்துதான் கிளம்பும்.

3. காலையில் வெட்டுவது

எட்டு மணிக்கு ஆரம்பித்தால் போதும், விடியற்காலையிலேயே வெட்டி வைக்க வேண்டியதில்லை. கைகழுவி, கையுறை போட்டு, பழத்துக்கென்றே வைத்திருக்கும் பலகையிலும் கத்தியிலும் வெட்டுங்கள். கத்தி கூராக இருக்கட்டும். மழுங்கிய கத்தி சதையை நசுக்கும், நசுங்கிய இடத்திலிருந்துதான் முதலில் சாறு இறங்கும். ஒரு பழம் முடிந்ததும் அதை ஃப்ரிட்ஜுக்கு அனுப்பிவிட்டு அடுத்ததை எடுங்கள். மூன்றையும் மேஜையில் பரப்பிக்கொண்டு வெட்டினால் முதலில் வெட்டியது ஒரு மணி நேரம் சும்மா வெளியே கிடக்கும்.

தர்பூசணியையும் அன்னாசியையும் சல்லடையில் போட்டு, கீழே கிண்ணம் வைத்து, ஃப்ரிட்ஜிலேயே கொஞ்ச நேரம் வடியவிடுங்கள். இதைச் செய்யாமல் கட்டினால் மதியம் திறக்கும்போது அடியில் சிவப்புத் தண்ணீரும், அதில் ஊறிக் கொழகொழத்த பப்பாளியும்தான் இருக்கும். உப்பு, மிளகுத்தூள், எலுமிச்சை எதையும் மேலே தூவாதீர்கள். உப்பு பட்டதும் பழம் தண்ணீர் விடும். சின்னப் பொட்டலமாகத் தனியே கொடுங்கள்.

4. கட்டி அனுப்புவது

காலி டப்பாக்களும் குளிர்ந்திருக்கட்டும். மூடியில் தேதியோடு வெட்டிய நேரத்தையும் எழுதுங்கள். ஐஸ் பெட்டியில் ஐஸ் பேக்கை அடியில் மட்டும் வைக்காமல் மேலேயும் வையுங்கள், குளிர்ந்த காற்று கீழேதான் இறங்கும்.

இலக்கு 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே. ஒரு சின்னத் தெர்மாமீட்டர் வாங்கி, தினமும் ஒரு டப்பாவைக் கூடுதலாகப் பெட்டியில் வைத்து அனுப்பி, கடைசி டப்பா கொடுத்து முடிந்ததும் அதைத் திறந்து பழத்துண்டில் குத்திப் பாருங்கள். 5-க்கு மேல் ஏறியிருந்தால் ஐஸ் போதவில்லை, அல்லது பெட்டியை அடிக்கடி திறக்கிறீர்கள். வெட்டும் நேரம், வழி, மேஜையில் காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்த்துக் குளிருக்கு வெளியே 2 மணி நேரத்துக்குள் முடியும்படி திட்டமிடுங்கள். 4 மணி நேரம் தாண்டியதைக் குப்பையில்தான் போட வேண்டும், திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்து மீட்க முடியாது.

அன்னாசியில் குமிழி, உப்பிய மூடி, முளையில் வழவழப்பு, தர்பூசணி ஓரம் கண்ணாடி மாதிரி ஆவது, இதெல்லாம் கெட்டதற்கு அடையாளம். ஆனால் நோய்க்கிருமி வாடையும் காட்டாது, நிறமும் மாற்றாது. முகர்ந்து பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு செய்யாதீர்கள், மூடியில் எழுதிய நேரத்தைப் பாருங்கள்.

5. அன்றைய கணக்கு

கீழே வரும் விலைகள் வெறும் உதாரணம், உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். பப்பாளி கிலோ 40 என்றால், தோலும் விதையும் போய் 700 கிராம்தான் தேறும். அப்படியானால் வெட்டிய பப்பாளி கிலோ 57. அன்னாசி கிலோ 60, பாதிதான் தேறும், எனவே 120. தர்பூசணி கிலோ 20, அறுபது சதவீதம் தேறினால் 33. இவை உத்தேச அளவுதான், முதல் வாரம் தினமும் வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டு உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள்.

டப்பாவுக்கு வருவோம். தர்பூசணி 2.70, பப்பாளி 4, அன்னாசி 6. எடையில் மிகக் குறைந்த அன்னாசிதான் பழச்செலவில் கிட்டத்தட்ட பாதி! கிலோ விலையை மட்டும் பார்த்தால் இது 3 என்றுதான் தெரியும். பயறு 2.50, டப்பாவும் கரண்டியும் லேபிளும் 6, ஐஸும் வண்டியும் 4, உங்கள் உழைப்புக் கூலி 7.50. மொத்தம் 32.70 வருகிறது. கூலியை விட்டுவிட்டு "லாபம்" என்று சொல்லாதீர்கள்.

இதோடு முடியவில்லை. 20 கட்டி 17 விற்றால் 654 செலவை 17 டப்பா சுமக்க வேண்டும், ஒன்றுக்கு 38.50. தெர்மாமீட்டர் குத்திய டப்பாவும் அந்த விற்காத மூன்றில் ஒன்றுதான். விலை வைக்கும்போது இந்த எண்ணைப் பாருங்கள்.

மீந்ததற்கு எதிரே காரணத்தையும் எழுதி வையுங்கள்: ஆர்டர் ரத்து, பழம் கனிந்துவிட்டது, வெட்டும்போதே நசுங்கியது, சூடு ஏறியது. ரத்துதான் அதிகம் என்றால் முன்பணம் வாங்குங்கள். கனிந்ததுதான் அதிகம் என்றால் பப்பாளியைக் கொஞ்சம் கெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். சூடு என்று இரண்டு நாள் தொடர்ந்து எழுத நேர்ந்தால், அந்த வழியில் டப்பாக்களின் எண்ணிக்கையைக் கூட்டாமல் முதலில் ஐஸைக் கூட்டுங்கள்.