கிருஷ்ணகிரியில் நான்கு நாள், பில்லில் ஏழு நாள்

பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு டொராண்டோ திரும்பியதும் போன் பில் வந்தது. மாத வாடகை 60 டாலர்தான், ஆனால் மொத்தம் 205 டாலர். வாடகை வரும் மாதத்துக்கு முன்பணம். ரோமிங்கும் கூடுதல் டேட்டாவும் போன மாதம் பயன்படுத்தியதற்கு. அதனால் ஒரே பில்லில் இரண்டு மாதத்துக் கணக்கு கலந்திருக்கும்.

பெரிய தொகை ரோமிங்: நாளுக்கு 14 டாலர், 7 நாள், 98 டாலர். நான் கனடா சிம்மின் டேட்டாவைத் திறந்ததோ, இடைவெளி விட்டு நான்கே நாள். மீதி மூன்று எங்கிருந்து வந்தன?

நிறுவனத்தின் தளத்தில் பயன்பாட்டு விவரத்தை இறக்கி நேரத்தைப் பார்த்தேன். என் நிறுவனம் 'ஒரு நாள்' என்பதை டொராண்டோ நேரப்படி கணக்கிடுகிறது. ஜனவரியில் அங்கே நள்ளிரவு என்றால் கிருஷ்ணகிரியில் காலை 10.30. ஒன்பது மணிக்கு மெயில் பார்த்துவிட்டு, பதினொன்றுக்கு மேப் திறந்தால் அது இரண்டு நாள். இப்படி இரண்டு முறை செய்திருக்கிறேன். வேறு சில நிறுவனங்கள் முதல் பயன்பாட்டிலிருந்து 24 மணி நேரம் என்று எண்ணும். கிளம்பும் முன் கேட்டு வையுங்கள்.

கூடுதலாக விழுந்த மூன்று நாளில் கடைசியானது ஒகேனக்கல் போன அன்று. பென்னாகரம் தாண்டி மலை இறங்கும்போது உள்ளூர் சிம்மில் சிக்னல் போனது. போன் தானாகவே கனடா சிம்முக்கு மாறிவிட்டது. சட்டைப்பையில் இருந்த போன் சில கே.பி. இழுத்ததற்கே முழு நாள் கட்டணம். ஐபோனில் `Allow Cellular Data Switching`, கனடா சிம்மில் `Data Roaming` இரண்டையும் விமானம் பெங்களூரில் இறங்கும் முன்பே அணைத்துவிடுங்கள். சிம்மை அணைக்க வேண்டாம், வங்கி ஓ.டி.பி. அதில்தான் வரும். என் திட்டத்தில் எஸ்.எம்.எஸ். வருவதற்குக் கட்டணம் இல்லை, வரும் அழைப்பை எடுத்தால் அன்றைய 14 டாலர் விழும்.

அடுத்து 39 டாலர், கூடுதல் டேட்டா. நாள் கட்டணம் கட்டினாலும் டேட்டா நம் வீட்டுத் திட்டத்திலிருந்துதான் கழியும். அக்கா பிள்ளைகளுக்கு ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்ததில் அளவு தீர்ந்து 300 எம்.பி. மேலே போனது. 100 எம்.பி.க்கு 13 டாலர். பிள்ளைகளுக்கு உள்ளூர் சிம்மிலிருந்தே கொடுத்திருக்கலாம்.

மீதி 8 டாலர் ஒரு கூடுதல் சேவை. இலவசச் சலுகையாகச் சேர்ந்தது, காலம் முடிந்ததும் கட்டணமாகிவிட்டது. கேட்டதும் நிறுத்திவிட்டார்கள்.

பில் வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். இந்திய நெட்வொர்க்கின் கணக்கு தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், கடைசி நாட்களின் ரோமிங் அடுத்த மாத பில்லில்தான் வரும். அதனால் போர்டிங் பாஸ் தேதியை இரண்டாவது பில் வரும்வரை வைத்திருங்கள்.