இரண்டிலும் இணையம் ஓடுகிறது, ஆனாலும் கைபேசிக்கு டிவி தென்படவில்லை: என்ன செய்வது?

கைபேசியில் Cast பொத்தானை அழுத்தியதும், அது "டிவி ஏதாவது இருக்கிறதா?" என்ற கேள்வியைத் தன் வலையமைப்பு முழுவதற்கும் அனுப்புகிறது, அதற்கு டிவி பதில் சொன்னால்தான் அதன் பெயர் பட்டியலில் தோன்றும். வீட்டு ரௌட்டர்கள் இந்தக் கேள்வியை வேறொரு வலையமைப்புக்குக் கடத்துவதில்லை. ஆகவே இரண்டிலும் யூடியூப் ஓடுவதை மட்டும் வைத்து, இரண்டும் ஒரே வலையமைப்பில் இருப்பதாக முடிவு செய்ய முடியாது.

முதலில் கைபேசியில் விபிஎன் இருந்தால் அதை நிறுத்துங்கள். டிவியின் மின்இணைப்பை ஒரு நிமிடம் துண்டித்துவிட்டு மீண்டும் கொடுங்கள்.

அடுத்து ஐபி முகவரிகளை ஒப்பிட வேண்டும். என் அனுபவத்தில் காரணம் பெரும்பாலும் இங்கேதான் பிடிபடுகிறது. கைபேசியின் வைஃபை அமைப்பில் இணைப்பின் பெயரைத் தொட்டும், டிவியின் நெட்வொர்க் அமைப்பில் நுழைந்தும் IP address என்ற வரியைப் பாருங்கள். உறவினர் வீடொன்றில் டிவியின் முகவரி 192.168.1.7 என்றும், கைபேசியின் முகவரி 192.168.0.104 என்றும் இருந்தன. வீட்டு ரௌட்டர்களில் வழக்கமாக முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே மூன்றாவது எண் வேறுபட்டது. கீழ்த்தளத்தில் ஃபைபர் இணைப்புடன் வந்த ரௌட்டரோடு டிவியும், மாடியில் அவர்கள் பின்னாளில் வாங்கிய ரௌட்டரோடு கைபேசியும் இணைந்திருந்தன. இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயரை வைத்திருந்ததால் யாருக்கும் ஐயம் வரவில்லை. மாடி ரௌட்டரை Access Point முறைக்கு மாற்றியதும் முகவரிகளை ஒரே ரௌட்டர் வழங்கத் தொடங்கியது, டிவியும் பட்டியலில் வந்தது.

எண்கள் பொருந்தியும் டிவி தெரியாவிட்டால், ஒரே வைஃபையில் உள்ள சாதனங்கள் ஒன்றோடொன்று பேசுவதைத் தடுக்கும் AP Isolation அல்லது Client Isolation ரௌட்டர் அமைப்பில் இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள். விருந்தினர் வைஃபையில் இந்தத் தடை பொதுவாக இருக்கும் என்பதால், டிவியையும் கைபேசியையும் முதன்மை வைஃபைக்கு மாற்றுங்கள். ஒரே ரௌட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றும் 5 கிகாஹெர்ட்ஸில் மற்றொன்றும் இருப்பது வழக்கமாகத் தடையாகாது. மிராகாஸ்ட் முறைக்கு மட்டும் இச்சோதனைகள் பொதுவாகப் பொருந்தா. அதில் கைபேசி பெரும்பாலும் ரௌட்டர் இல்லாமல் டிவியுடன் நேரடியாகவே பேசும்.

இவற்றிலும் தீராவிட்டால் கம்பிவழியே செல்லலாம். மடிக்கணினியில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் ஒரு கேபிளே போதும். டிவி ரிமோட்டில் Source அல்லது Input பொத்தானை அழுத்தி, கேபிள் செருகிய துளையின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். கைபேசிக்கு யுஎஸ்பி-சி எச்டிஎம்ஐ அடாப்டர் வாங்கும் முன், கைபேசியின் விவரக்குறிப்பில் DisplayPort என்ற சொல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். துளையின் வடிவம் ஒன்றாக இருந்தாலும், விலை குறைந்த பல கைபேசிகளில் அதன் வழியே படம் வெளிவராது. அவற்றில் அடாப்டரைச் செருகினால் டிவி "No Signal" என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஐபோன் 15 முதல் வந்த முதன்மை மாடல்களில் இந்த வசதி உண்டு. லைட்னிங் துளையுள்ள பழைய ஐபோன்களுக்கு அதற்கென்றே உள்ள எச்டிஎம்ஐ அடாப்டர் தேவைப்படும்.