வாரக் கடிதத்தில் சலுகையை எங்கே வைப்பது: திருப்பூர்க் கணக்கு அலுவலகம் ஒன்றின் மாதிரியோடு

திருப்பூரில் நிட்டிங், தையல், காம்பேக்டிங் யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதி ரிட்டன் தாக்கல் செய்யும் சிறிய அலுவலகம் எங்களுடையது. வாடிக்கையாளர்களுக்கு வாரம் ஒரு கடிதம் அனுப்பி வருகிறோம். அதில் அவர்களுக்குப் பயன்படும் குறிப்பு ஒன்றும், பொருந்தும் வாரங்களில் எங்கள் வேலைக்கான சலுகை ஒன்றும் இருக்கும். அதை எழுதும் முறையை, ஒரு கடிதத்தை முழுதாக எடுத்துக்கொண்டு விளக்குகிறேன்.

முதல் வேலை: குறிப்பைத் தேர்ந்தெடுப்பது

ஒரு கடிதத்துக்கு ஒரு குறிப்புப் போதும். அதை வெளியே தேட வேண்டியதில்லை. சென்ற வாரம் போனில் இரண்டு மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால், அதுவே இந்த வாரக் குறிப்பு. மேசை மீது ஒரு நோட்டு வைத்து, வரும் கேள்விகளைக் கேட்டவரின் சொற்களிலேயே எழுதி வையுங்கள். “நூல் கடைக்காரரு பில்லே ஏத்தலைங்க, இன்புட் போச்சா?” என்று ஒருவர் கேட்டது எங்கள் நோட்டில் இருந்தது, கீழே உள்ள கடிதம் அதிலிருந்து பிறந்ததுதான். இன்புட் என்று அவர் சொல்வது, சரக்கு வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதை.

குறிப்பு எந்த வாரத்துக்கு உரியது?

பலருக்குச் சறுக்குவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நூல் விற்றவர் தம் விற்பனை பில்களைக் காட்டும் ரிட்டனான ஜிஎஸ்டிஆர்-1ஐ 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தால், வாங்கியவருக்கு எடுக்கக்கூடிய இன்புட்டைக் காட்டும் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியில் அந்த பில் 14ஆம் தேதி தெரியும். அதை வைத்து 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்து வரியைக் கட்டுவது மாதாந்தர நடைமுறை. விற்றவர் 11ஆம் தேதியைத் தவறவிட்டு 16ஆம் தேதி தாக்கல் செய்தால், அந்த பில் அடுத்த மாதத்து 2பிக்குப் போய்விடும். ஆகவே “2பியில் பில் இருக்கிறதா என்று பாருங்கள்” என்று 15ஆம் தேதி கடிதம் எழுதினால், படிப்பவருக்கு நடந்துபோன நஷ்டம் தெரியவருமே தவிர, அதைத் தடுக்க வழி இருக்காது. அதே செய்தியை 5ஆம் தேதி வாக்கில் எழுதினால் அவர் கையில் ஆறு நாட்கள் இருக்கும். ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால் “இதைப் படித்தவர் இன்றே செய்யக்கூடியது என்ன?” என்று கேட்டுப் பாருங்கள்; பதில் இல்லையென்றால் அந்தக் குறிப்பு வேறு வாரத்துக்கு உரியது.

கிழமையையும் அப்படியே ஊர் நடப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சனிக்கிழமை யூனிட்டுகளில் வாரச் சம்பளம் போடும் நாள். அன்று எந்த முதலாளியும் கடிதம் படிக்க மாட்டார். நாங்கள் செவ்வாய் காலை அனுப்புகிறோம்.

கடிதம்

> வணக்கம்ங்க. வரும் 11ஆம் தேதிக்குள் உங்களுக்கு நூல் கொடுத்தவரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். அவர் உங்கள் பில்லை ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்றினால்தான் 14ஆம் தேதி உங்கள் 2பியில் அது வரும். வந்தால்தான் இந்த மாதம் இன்புட் எடுக்க முடியும்.
>
> 2 லட்சம் ரூபாய்க்குப் பருத்தி நூல் வாங்கியிருந்தால், 5 சதவீத வரி 10,000 ரூபாய். பில் விட்டுப்போனால் அந்தத் தொகையை 20ஆம் தேதி நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிவரும்.
>
> போனில் பில் எண்ணையும் தேதியையும் சொல்லுங்கள். உங்கள் ஜிஎஸ்டி எண்ணை அவரையே வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். எண் தவறாக இருந்தால் பில் உங்கள் 2பியில் வராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டன் போடுபவர் என்றால் அவருக்கு 13ஆம் தேதி வரை நேரம் உண்டு.
>
> நூல் கடை, டையிங், காம்பேக்டிங் எனப் பல இடங்களில் பேச நேரமில்லாதவர்களுக்காக நாங்களே பேசிச் சரிபார்த்துத் தருகிறோம். 20 பில் வரை 500 ரூபாய், இந்த மாதம் மட்டும். 7ஆம் தேதி மாலைக்குள் “பேசுங்கள்” என்று பதில் அனுப்பினால் போதும்.

இந்தக் கடிதத்தில் சலுகையை எடுத்துவிட்டாலும் குறிப்பு முழுமையாக நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். யாரிடம் பேசுவது, எதைச் சொல்வது, எந்தத் தேதிக்குள் என்பதெல்லாம் காசு வாங்காமலே கொடுக்கப்பட்டுவிட்டன. “மேலும் விவரங்களுக்கு எங்களை அணுகவும்” என்று பாதியில் நிறுத்தினால், படிப்பவர் அதை விளம்பர நோட்டீஸாகவே எடுத்துக்கொள்வார். அடுத்த வாரம் திறக்க மாட்டார். அறிவு முழுவதையும் கொடுத்துவிட்டு, அதைச் செய்யும் உழைப்பை மட்டும் விலைக்கு வைப்பதே என் வழி. இன்ன வேலை, இன்ன விலை, இன்ன தேதி வரை, இப்படிப் பதில் சொல்லுங்கள் என்ற நான்கும் சலுகைப் பத்தியில் இருந்தாக வேண்டும். குறிப்போடு ஒட்டாத சலுகையை அந்த வாரம் சேர்க்கவே வேண்டாம். சலுகை இல்லாமல் போகும் வாரங்கள் இருப்பது நல்லதே.

நட்பு தொனி

“வணக்கம்ங்க” என்ற ஒரு சொல்லோடு உள்ளூர்ப் பேச்சை நிறுத்திக்கொண்டேன். முழுக் கடிதத்தையும் பேச்சு வழக்கில் எழுதினால் தேதியும் தொகையும் கனம் இழக்கின்றன. தீபாவளி நோம்பி வாரத்தில் “போனஸ் வேலைக்கு நடுவே இதையும் பார்த்துவிடுங்கள்” என்று ஒரு வரி சேர்ப்போம். அவருடைய வாரம் எப்படிப் போகிறது என்று நமக்குத் தெரிந்திருப்பதே போதுமான நட்பு.

அனுப்புவது

எங்கள் வாடிக்கையாளர்கள் மின்னஞ்சலைவிட வாட்ஸ்அப்பையே பார்க்கிறார்கள். அதில் குழு தொடங்குவதை நான் திட்டவட்டமாக வேண்டாம் என்பேன். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும், ஒரே தொழிலில் போட்டியாக இருக்கும் இருவர் ஒரே அலுவலகத்தில் கணக்கு வைத்திருப்பதும் வெளிப்பட்டுவிடும். பிராட்காஸ்ட் பட்டியல் போடுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். உங்கள் பக்கத்தில் அனுப்பியதாகவே காட்டும், அவருக்கு வந்திருக்காது. எனவே புது வாடிக்கையாளர் அலுவலகத்துக்கு வரும்போதே அவர் போனில் நம் எண்ணைப் பதிந்துகொள்ளச் சொல்லி, ஒரு சோதனைச் செய்தியும் அனுப்பிப் பாருங்கள். நீளமான செய்தியை வாட்ஸ்அப் பாதியில் மடித்துக் காட்டும் என்பதால் தேதியும் செய்ய வேண்டியதும் முதல் இரண்டு வரிகளுக்குள் வந்துவிட வேண்டும்.

மின்னஞ்சலில் அனுப்புபவர்கள் முகவரிகளை பிசிசி கட்டத்தில் இடுங்கள். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணிக்கையை அதிகம் நம்பாதீர்கள். 2021 முதல் ஆப்பிள் மெயில், தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியிருப்பவருக்கு வரும் கடிதத்தின் படங்களை அவர் திறக்காமலே இறக்கிவிடுகிறது, அதுவும் திறந்த கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பதில் எழுதியவர்களையும், “கடிதத்தில் பார்த்தேன்” என்று போனில் சொன்னவர்களையும் எண்ணுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த பட்டயக் கணக்காளர் ஒருவர், தாமும் இப்படிச் சலுகை எழுதலாமா என்று ஈரோட்டிலிருந்து கேட்டிருந்தார். வாடிக்கையாளரைக் கேட்டுப் பெறுவதற்கும் விளம்பரத்துக்கும் அவர்கள் தொழில் நெறிமுறையில் கட்டுப்பாடுகள் உண்டு. எங்களைப் போன்ற கணக்கு எழுதும் அலுவலகங்களுக்கு அந்த நெறிமுறை பொருந்தாது. அவர்கள் தங்கள் கழகத்தின் தற்போதைய விதிகளைப் பார்க்காமல் சலுகைப் பத்தியைச் சேர்க்கக் கூடாது. முதல் மூன்று பத்திகளை மட்டும், ஏற்கெனவே தம்மிடம் இருக்கும் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பினாலே கடிதம் குறையில்லாமல் நிற்கும்.