மெஜந்தா விளக்கில் எடுத்த முகம்: ஆண்டுவிழாப் படங்களில் தோல் நிறத்தைத் திருத்தும் முறை

பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் பெரும்பாலும் எல்.இ.டி. பார் லைட்டுகளைத்தான் காண்கிறோம். அவற்றுள் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களில் தனித்தனிச் சில்லுகள் இருக்கும். இயக்குபவர் பச்சையை அணைத்துவிட்டு மற்ற இரண்டையும் எரியவிட்டால், மேடையும் ஆடும் குழந்தைகளின் முகமும் மெஜந்தா நிறமாகிவிடும். அத்தகைய ஒரு படத்தை Lightroom Classic மென்பொருளில் திருத்துவது எப்படி என்பதை இங்கே பார்ப்போம். எடுத்துக்காட்டாக, பரதநாட்டிய உடையில் ஒரு சிறுமி நிற்கிறாள். பக்கவாட்டிலிருந்து மெஜந்தா ஒளி விழுகிறது. முன்னாலிருந்து ஒரு ஹாலஜன் விளக்கு மங்கலாக அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

படம் எடுக்கும்போதே செய்ய வேண்டியவை

ரா கோப்பாக எடுப்பது இங்கே கட்டாயம் என்றே சொல்வேன். ஜேபெக் கோப்பில் கேமரா தானே நிறத்தைத் தீர்மானித்து, மீதித் தகவலைக் களைந்துவிடுகிறது. வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறங்களைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியாக விடாமல் 4000K போன்ற ஓர் எண்ணில் நிறுத்திவிட்டால், விளக்கு மாறும்போதெல்லாம் படத்தின் அடிப்படை நிறமும் சேர்ந்து அலைவது நின்றுவிடும்.

இவற்றைக் காட்டிலும் முக்கியமானது ஒளியளவு. படத்தின் இருளும் ஒளியும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமே ஹிஸ்டோகிராம். கேமராவின் சாதாரண ஹிஸ்டோகிராம் மூன்று நிறங்களையும் கலந்து காட்டுவதால், சிவப்பு மட்டும் எல்லை தாண்டி வெந்துபோயிருந்தாலும் அதில் தெரியாமல் போகக்கூடும். எனவே, மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை இயக்கி, சிவப்பு வலது ஓரத்தில் முட்டாத அளவுக்கு ஒளியைக் குறைத்து எடுக்க வேண்டும். படம் சற்று இருட்டாக இருந்தால் பிறகு தூக்கிவிடலாம். வெந்துபோன சிவப்பிலிருந்து கன்னத்தின் வடிவத்தை மீட்க வழியில்லை.

திருத்தும் முன் கன்னத்தை அளந்து பாருங்கள்

Develop பகுதியில் படத்தின் மேல் சுட்டியை நகர்த்தினால், ஹிஸ்டோகிராமுக்குக் கீழே R, G, B என்ற மூன்று எண்கள் நூற்றுவீதத்தில் தெரியும். வெள்ளை ஒளியில் எடுத்த மனிதத் தோல் எந்த நிறமுடையதாக இருந்தாலும், பொதுவாக சிவப்பு முதலிலும், பச்சை அடுத்தும், நீலம் கடைசியிலும் வரும். நம் படத்தில் கன்னத்தின் எண்கள் R 88, G 31, B 79 என்று இருப்பதாகக் கொள்வோம். நீலம் பச்சையை முந்திவிட்டது. முகம் தவறாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். ஆயினும் பச்சை 31 இருக்கிறது. ஹாலஜன் விளக்கு அதைக் காப்பாற்றியிருக்கிறது. ஆகவே இந்தப் படத்தைத் திருத்த முடியும்.

முன்விளக்கே இல்லாமல் பச்சை 5, 6 என்ற அளவில் கிடந்தால் கதை வேறு. ஒயிட் பேலன்ஸ் என்பது ஒவ்வொரு நிறத்தையும் ஓர் எண்ணால் பெருக்குவதே. ஏறத்தாழ இல்லாத ஒன்றைப் பெருக்கினால், கிடைப்பது நிறமன்று; புள்ளிபுள்ளியான இரைச்சல்தான்.

முழுப் படத்துக்கும் சிறு மாற்றம்

முதலில் Profile என்பதை Adobe Color இலிருந்து Adobe Neutral க்கு மாற்றுங்கள். நிறத்தின் அடர்த்தியும் மாறுபாடும் தணிவதால், வெந்துபோனதாகத் தோன்றிய சில பகுதிகளில் நுணுக்கம் திரும்பும். Highlights ஐயும் சிறிது குறைக்கலாம். ஆனால் ஒயிட் பேலன்ஸ் துளிமானியை எடுத்துச் சிறுமியின் மல்லிகைச் சரத்தில் வைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பூவின் மேலும் மெஜந்தாதான் விழுந்திருக்கிறது. அதை வெள்ளையாக்க முயன்றால் ஹாலஜன் ஒளி விழும் இடங்கள் பச்சைபாய்ந்து, மேடையின் அழகே போய்விடும். விளக்கின் நிறம் மேடையில் இருக்கட்டும். முகத்தில் மட்டும் அதைத் தணிப்போம்.

முகத்தில் மட்டும் திருத்துதல்

படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து திருத்த உதவும் Masking ஐத் திறந்து, People என்பதன் கீழ் அந்தச் சிறுமியைத் தேர்ந்து, Face Skin, Body Skin இரண்டையும் குறியிடுங்கள். முகத்தை மட்டும் திருத்திவிட்டுக் கழுத்தையும் கைகளையும் விட்டுவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்வது. முகமூடி அணிந்ததுபோல் தோன்றும். அடர்ந்த நிற ஒளியில் மென்பொருளுக்கு முகம் பிடிபடாவிட்டால், Brush கொண்டு கையாலேயே தீட்டிவிடலாம்.

அந்த மாஸ்க்குக்குள் Tint ஐப் பச்சைப் பக்கமாக −30 வரையும், Temp ஐ மஞ்சள் பக்கமாக +20 வரையும் மெதுவாக நகர்த்துங்கள். இந்த எண்கள் தொடக்கத்துக்கு மட்டுமே. கண் கன்னத்திலும், சுட்டி அதே இடத்தில் காட்டும் எண்களிலும் இருக்க வேண்டும். இது போதாதபோது மாஸ்க்கின் Curve பகுதிக்குச் சென்று, பச்சை வளைவின் நடுவைச் சற்று உயர்த்தி, நீல வளைவின் நடுவைத் தாழ்த்துங்கள். கடைசியில் Saturation ஐ −10 அளவுக்குக் குறைக்கலாம். நம் சிறுமியின் கன்னம் R 74, G 49, B 42 என்ற இடத்துக்கு வந்தால் நிறுத்திவிடலாம். முழுமையான வெள்ளொளித் தோலைத் தேட வேண்டாம். மெஜந்தா மேடையில் நிற்பவளின் முகத்தில் அதன் சாயல் கொஞ்சம் தங்கியிருந்தால்தான் படம் இயல்பாக இருக்கும்.

ஒரு கன்னம் மட்டும் மெஜந்தாவாகவும் மறுபாதி ஹாலஜன் மஞ்சளாகவும் இருந்தால், ஒரே திருத்தம் இரண்டையும் கெடுக்கும். அப்போது Face Skin மாஸ்க்கின் மேல் Intersect தேர்ந்து, Color Range கொண்டு மெஜந்தா கன்னத்தைச் சுட்டுங்கள். திருத்தம் அந்தப் பாதியோடு நின்றுவிடும்.

அளவு மீறியதைக் கண்டுகொள்வது கடினமன்று. தாடையோரத்திலும் முடியோரத்திலும் சாம்பலோ பச்சையோ படர்ந்திருக்கும். உதடும் கன்னமும் ஒரே நிறமாகும். நெற்றிப் பொட்டின் சிவப்பு மங்கிப் பழுப்பாகும். அதே குழந்தையை வெள்ளை ஒளியில் எடுத்த படம், பரிசு வாங்கும்போது எடுத்தது போன்று ஒன்று இருந்தால், பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: நிறத்தைத் திருத்துகிறோம் என்ற பெயரில் குழந்தையை வெளுப்பாக்கிவிடக் கூடாது. மாநிறமும் கருநிறமும் திருத்த வேண்டிய குறைகள் அல்ல. அவள் தாய்க்குத் தெரிந்த நிறமே சரியான நிறம்.

ஒரே நிற ஒளியில் எடுத்த படங்கள்

வெறும் நீல ஒளியிலோ வெறும் சிவப்பு ஒளியிலோ எடுத்த முகத்துக்கு மேற்சொன்ன எதுவும் உதவாது. அவற்றைக் கறுப்பு வெள்ளையாக்குவதே நல்லது. Treatment இல் Black & White தேர்ந்து, B&W பகுதியில் அந்த விளக்கின் நிறத்துக்குரிய நழுவியை நகர்த்தி முகத்தின் ஒளியைச் சரிசெய்யுங்கள். சிவப்பு ஒளியில் தோலும் உதடும் ஏறக்குறைய சமமாக ஒளிர்வதால் உதடு மறைந்தது போலிருக்கும். நீல ஒளியில் தோல் கருத்து, தழும்புகளும் திட்டுகளும் எடுப்பாகத் தெரியும். இரண்டாவதில் மாஸ்க் வைத்து Clarity ஐச் சிறிது குறைப்பது முகத்துக்கு நல்லது.

மற்றப் படங்களுக்குப் படியெடுத்தல்

ஒரு நடனத்தின் படங்கள் அனைத்துக்கும் ஒரே திருத்தத்தை ஒட்டிவிட முடியாது. பாடலின் நடுவே விளக்கு பலமுறை மாறியிருக்கும். மெஜந்தா, நீலம், மஞ்சள் என்று படங்களை முதலில் நிறவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் ஒன்றைத் திருத்தி, Sync வழியாக மற்றவற்றுக்குக் கொண்டுசெல்லுங்கள். People மாஸ்க் புதிய படத்தில் முகத்தைத் தானே தேடிக்கொள்ளும். ஆனால் குழு நடனத்தில் அது வேறொரு குழந்தையைப் பிடித்துவிடுவதுண்டு. ஆகவே ஏற்றுமதிக்கு முன் ஒவ்வொரு படத்திலும் மாஸ்க் எந்த முகத்தின் மேல் நிற்கிறது என்பதைத் திறந்து பார்த்துவிடுங்கள்.