தள்ளுபடியை எந்த இடத்தில் கழிக்கிறீர்கள்? இரண்டு வரி விகிதம் உள்ள பில்லில் வரும் தவறுகள்

ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். 5% வரி உள்ள பொருள் 600, 20% வரி உள்ள பொருள் 400, ஆக மொத்தம் 1000. பில் போடும்போதே மொத்தத்தில் 100 தள்ளுபடி தருகிறீர்கள். இப்போது வரி எவ்வளவு?

நிறைய பேர் இரண்டு விகிதத்துக்கும் சராசரி எடுத்து, 12.5% என்று வைத்துக்கொண்டு 900-க்கு 112.50 போட்டுவிடுகிறார்கள். இரண்டு பொருளின் மதிப்பும் சமமாக இல்லாதபோது இந்தச் சராசரிக்கு அர்த்தமே கிடையாது. இன்னும் சிலர் தள்ளுபடி முழுவதையும் 20% பொருளின் மேல் ஏற்றிவிடுவார்கள்; வரி 90 ஆகக் குறைந்துவிடும், தணிக்கையில் முதலில் கேள்வி வருவதும் இங்கேதான்.

பொதுவான தள்ளுபடி என்றால் மதிப்பின் விகிதப்படி பிரிக்க வேண்டும். 600-க்கு 60, 400-க்கு 40. மீதி 540-க்கு 5% என்றால் 27, மீதி 360-க்கு 20% என்றால் 72. வரி 99, வாடிக்கையாளர் தருவது 999.

அடுத்த தவறு கண்ணில் படாது, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். தள்ளுபடியை 100 என்று எழுதாமல் 10% என்று வைத்து, வரி போட்ட பிறகு கழித்துப் பாருங்கள்: வரி 30 + 80 = 110, மொத்தம் 1110, அதில் 10% போனால் அதே 999! வாடிக்கையாளருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, கல்லாவும் சரியாகவே இருக்கும், ஆனால் பில்லில் வரி 110 என்று அச்சாகியிருப்பதால் அதையே நீங்கள் கட்ட வேண்டி வரும், உங்கள் கைக்கு 900-க்குப் பதில் 889-தான் மிஞ்சும். தள்ளுபடி நிலையான தொகையாக இருந்தால் இந்தத் தவறு உடனே பிடிபடும், ஏனென்றால் வரிக்குப் பிறகு 100 கழித்தால் மொத்தம் 1010 ஆகிவிடும்.

அப்படியென்றால் வரிக்குப் பிறகு கழிப்பதே தவறா? இல்லை. வாடிக்கையாளர் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய பரிசு அட்டையை நீட்டினால் அது தள்ளுபடி அல்ல, பணம் செலுத்தும் ஒரு வழி. வரியோடு சேர்ந்த மொத்தத்தில்தான் அதைக் கழிக்க வேண்டும். கூப்பனுக்கான தொகையை உற்பத்தியாளர் உங்களுக்குத் திருப்பித் தருகிறார் என்றாலும் பல இடங்களில் வரி முழு விலைக்குத்தான், அதை மட்டும் உங்கள் ஊர்ச் சட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிக்கும்போது சில்லறையும் கவனிக்க வேண்டும். 100-ஐ மூன்று சம வரிசைகளுக்குப் பிரித்தால் 33.33 மூன்று முறை, 99.99-தான் வரும். விட்டுப்போன 0.01-ஐ ஏதாவது ஒரு வரிசையில் சேர்த்துவிடுங்கள். அப்புறம் பில்லை அனுப்பும் முன், ஒவ்வொரு விகிதத்துக்கும் தள்ளுபடி போன மதிப்பைத் தனியாக எழுதி, அதை விகிதத்தால் பெருக்கினால் பில்லில் உள்ள வரி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் தள்ளுபடி தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.