சுருக்கமான ஸ்லாக் மெசேஜ் சுருக்கென்று குத்தாமல் இருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

“ரிப்போர்ட் இன்னும் வரலையே?”

மாலை 4:40-க்கு டீம் லீட் ஸ்லாக்கில் இப்படி ஒரு வரி போடுகிறார். அவருக்குக் கோபம் எதுவும் இல்லை. நாளை காலை 11 மணி மீட்டிங்கில் காட்ட வேண்டும், ஞாபகம் வந்ததும் தட்டிவிட்டார். படிப்பவருக்கு அந்த மீட்டிங் தெரியாது. எந்த ரிப்போர்ட், இன்றே வேண்டுமா என்பதும் தெரியாது. தெரியாத இடத்தை அவரே நிரப்பிக்கொள்கிறார்: ‘லேட்டாயிடுச்சுன்னு கடுப்புல இருக்காரு போல.’ நேரில் கேட்டிருந்தால் குரலிலேயே விஷயம் புரிந்திருக்கும்.

இதைச் சரிசெய்யும்போது பலர் செய்யும் தவறு, மேலே சர்க்கரை தூவுவது. “ஹாய், எப்படி இருக்கீங்க? ரிப்போர்ட் இன்னும் வரலையே, ப்ளீஸ்” என்று எழுதி ஒரு சிரிப்பு எமோஜியும் சேர்ப்பார்கள். மெசேஜ் நீண்டுவிட்டது, ஆனால் எந்த ரிப்போர்ட், எப்போதுக்குள் என்பது அப்படியே தொங்குகிறது. அந்தச் சிரிப்பைக் குத்தலாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. இப்படி எழுதிப் பாருங்கள்:

“நாளை 11 மணி மீட்டிங்கில் சேல்ஸ் ரிப்போர்ட்டைக் காட்டணும். இன்னிக்கு 6 மணிக்குள்ள கிடைக்குமா? முடியலைன்னா முடிஞ்ச வரைக்கும் அனுப்புங்க, மீதியைக் காலையில சேர்த்துக்கலாம்.”

இதில் ப்ளீஸ் இல்லை, எமோஜி இல்லை. எது வேண்டும், எதற்கு, எப்போதுக்குள், முடியாவிட்டால் என்ன செய்யலாம் என்று நான்கும் இருக்கின்றன. என் கணிப்பில் உறுத்தலைப் போக்குவது அந்த நான்காவதுதான். முடியவில்லை என்று சொல்ல இடம் கிடைத்ததும் படிப்பவருக்கு மூச்சு வந்துவிடும். பதிலும் “6 மணி ஓகே” என்று ஒரே வரியில் வரும்.

தமிழில் எழுதும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் மொழியில் தொனி ஓர் எழுத்திலேயே மாறிவிடும். “வரலை” என்பது தகவல், “வரலையே” என்பது குறை. “நேத்து சொன்னேன்” என்பது நினைவூட்டல், “நேத்தே சொன்னேனே” என்பது குற்றச்சாட்டு. அந்த ‘ஏ’யை எடுத்துவிட்டாலே பாதி உறுத்தல் போய்விடும். “அனுப்பவும்”, “சரிசெய்யவும்” என்று முடிப்பதும் அப்படித்தான். மரியாதை என்று நினைத்து எழுதுகிறோம், அறிவிப்புப் பலகை மாதிரி ஒலிக்கிறது. தினமும் பேசுகிறவரிடம் “அனுப்புங்க” போதும்.

“ஏன் இப்படிப் பண்ணீங்க?” என்ற கேள்வியையும் மாற்றி எழுதுங்கள். உண்மையிலேயே காரணம் தெரிந்துகொள்ளக் கேட்டாலும், விசாரணை போலத்தான் படும். “பழைய ஃபார்மட்டை மாத்தியிருக்கீங்க, கிளையன்ட் கேட்டாங்களா?” என்று பார்த்ததைச் சொல்லிக் கேட்டால் பதில் நேராக வரும். அதுவும் சேனலில் எல்லோர் முன்னிலும் கேட்காமல் நேரடி மெசேஜில் கேட்பது நல்லது.

அப்புறம், “ஹாய்” என்று மட்டும் போட்டுக் காத்திருப்பது, “கொஞ்சம் பேசணும்” என்று நிறுத்துவது. இரண்டாவது ரொம்ப மோசம். வேலை போய்விடுமோ என்று நினைப்பவர்கள்கூட உண்டு. “லீவு பிளான் பத்தி 5 நிமிஷம் பேசணும், அவசரம் இல்லை” என்று விஷயத்தை அதே மெசேஜில் வையுங்கள். கணினியில் ஸ்லாக்கின் வழக்கமான அமைப்பில் Enter தட்டினாலே மெசேஜ் போய்விடும், பாதி வாக்கியம் தனியாகப் போய் விழும். அடுத்த வரிக்குப் போக Shift+Enter.

பதில் போடும்போது “ஓகே” மட்டும் போட்டால் பார்த்தாச்சா, செய்கிறீர்களா, செய்து முடித்தாச்சா என்று தெரியாது. ‘கண்’ ரியாக்‌ஷன் என்றால் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ‘டிக்’ என்றால் முடிந்தது என்று டீமில் ஒருமுறை பேசி வைத்துக்கொண்டால் எழுதவே வேண்டாம்.

எல்லாவற்றையும் நீட்டவும் தேவையில்லை. “சர்வர் டவுன். நான் பார்க்கிறேன். 10 நிமிஷத்துல அப்டேட்.” இதைக் கடுமையாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. யார், என்ன, எப்போது என்று எல்லாம் வந்துவிட்டது.

கடுப்பாகப் போய்விட்டது என்று அனுப்பிய பிறகு தோன்றினால், எடிட் செய்வதோடு விடாதீர்கள். பழைய வரியை அவர் நோட்டிஃபிகேஷனில் ஏற்கெனவே பார்த்திருக்கலாம். அதே த்ரெட்டில், “அவசரத்துல டைப் பண்ணிட்டேன், நாளைக்கு மீட்டிங் இருக்கு, அதுக்குத்தான் கேட்டேன்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.